படங்குக்குள்ளை வெள்ளை பிடிச்ச பாகல்

என்ர மனிசன் சூசைப்பிள்ளை பாகல் இலையை நாக்காலை நக்கினதை நான் குசினி வாசல்லை நிண்டு பாத்தனான். கையாலை வாயைப் பொத்தினன். அந்த இலை கிடந்த கோலம் அப்பிடி. மேல்பக்கத்திலை வெள்ளை வெள்ளையாய்ப் பொட்டு, ஆரோ கோதுமை மாவை விரலாலை எடுத்து அங்கையும் இங்கையும் அப்பிவிட்ட மாதிரி. தொடவே கை கூசும். இந்த மனிசன் அதைப் பிடுங்கி, வாயிலை வைச்சு, சப்புக்கொட்டிப் பாத்திட்டு, "உப்பு" எண்டார்.

"என்ன உப்பு?" எண்டு கேட்டன்.

"மலர், இது கடல் உப்பு. வாடைக்காத்து அள்ளிக்கொண்டு வந்து இலையிலை கொட்டுது. துறைமுகத்திலை கிடந்து காஞ்சவன் நான். எனக்கு உப்புத் தெரியாதோ?"

அவர் துறைமுகத்திலை கிரேன் ஓட்டினவர். பென்சன் எடுத்த பிறகும் அந்தக் கெப்பர், தனக்குத்தான் எல்லாம் தெரியுமெண்ட எண்ணம், போகேல்லை. எங்கட வீட்டிலை எது பழுதானாலும் உப்புத்தான் காரணம். சைக்கிள் கறள் பிடிச்சாலும் உப்பு, ரேடியோ கரகரத்தாலும் உப்பு, என்ர முழங்கால் நொந்தாலும் உப்புக்காத்து. எங்கட பின்வளவு கடலைப் பாத்தபடி கிடக்கிறதாலை ஆரும் மறுத்துக் கதைக்கிறேல்லை. நானும் நம்பினன். நம்பாமல் என்ன செய்யிறது, நானும் ஒரு இலையைப் பிடுங்கி நக்கிப் பாக்கிறதே? சீ.

அந்தப் பாகல் என்ர மகள் மெலனியின்ர. அது காய்க்கிறதிலைதான் அவளின்ர சீவியம் தொங்கிக்கொண்டிருந்தது. நான் கூட்டிச் சொல்லேல்லை. கார்த்திகை மழைக்குள்ளை ஒரு பையோடை வந்து வாசல்லை நிண்டவள். வலக்கை மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. அவளின்ர புருசன் றிக்சன் உப்புவெளியிலை இருக்கிறவன். குடிச்சிட்டு முறுக்கினவன். அது முதல் தரமும் இல்லை. நான் ஒரு கேள்வியும் கேக்கேல்லை, சுடுதண்ணி வைச்சு ஒத்தடம் குடுத்தன். தகப்பன்தான் அவளைக் கதிரையிலை இருத்திவைச்சு விசாரணை நடத்தினார். கட்டிக் குடுத்த பிள்ளை திரும்பி வந்து நிண்டால் சனம் என்ன கதைக்கும், கோயில்லை என்ன முகத்தோடை நிக்கிறது எண்டெல்லாம் கேட்டார். வீங்கின கையைப் பற்றி ஒரு சொல்லுக் கேக்கேல்லை.

கடைசியிலை ஒரு தீர்ப்புச் சொன்னார். "பின்வளவு சும்மாதான் கிடக்குது. ஏதும் நட்டு உன்ர கையாலை ஒரு விளைச்சல் எடுத்துக் காட்டு. உன்ர பாட்டை நீ பாப்பாய் எண்டு எனக்கு விளங்கினால் இரு. விளையேல்லை எண்டால், றிக்சன் வந்து கூப்பிடேக்கை பேசாமல் வெளிக்கிட வேணும்."

எனக்குக் கோவம் உச்சியிலை ஏறிச்சுது. பெத்த பிள்ளைக்கு நிபந்தனையோ? நட்டது காய்ச்சால்தான் மகளோ? எண்டு கேட்டன். மெலனி என்ர கையைப் பிடிச்சுப்போட்டு, "சரி அப்பா" எண்டாள். அடுத்த நாளே மண்ணைக் கொத்தத் தொடங்கிவிட்டாள், அந்தக் கையோடை.

கம்பு நட்டு, கயிறு இழுத்து, பந்தல் போட்டாள். உப்புவெளியிலை ஒரு கெஸ்ட் ஹவுஸ் குசினியிலை சமைக்கிற முத்தலிப், பாகற்காய்ச் சம்பல் வெள்ளைக்காரருக்கும் பிடிச்சுப் போச்சு, நல்ல காய் எண்டால் எவ்வளவும் எடுப்பன் எண்டு வாக்குக் குடுத்தவர். கொடியும் நல்லாய்த்தான் ஏறிச்சுது. மஞ்சள் பூவும் வந்தது. தை பிறக்கிற நேரம் அடி இலையளிலை சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டு. அதுக்குப் பிறகுதான் மனிசன் இலையை நக்கிப் பாத்தது.

நக்கி முடிஞ்ச கையோடை மனிசன் வைத்தியத்தையும் தொடங்கினார். துறைமுகத்திலை இருந்து எப்பவோ கொண்டுவந்த பெரிய படங்கு ஒண்டு கொட்டிலுக்குள்ளை கிடந்தது, நீலத் தார்ப்பாய். அதை இழுத்து, சனம் கடற்கரைக்கு நடந்து போற ஒழுங்கைப் பக்கம் இருந்த கம்பி வேலி நீளத்துக்குக் கட்டினார். ஆள் உயரத்துக்கு மேலை. மிச்சத்தை ரெண்டு பக்கமும் மடிச்சுக் கட்டினார். திறந்து கிடந்தது குசினிப் பக்கம் மட்டும்தான். "இனி ஒரு பொட்டு உப்பும் உள்ளுக்கு வராது" எண்டார். அவர் வீட்டுக்காக இப்பிடி முறிஞ்சு வேலை செய்து நான் கனகாலம் பாக்கேல்லை. சரி, மகளிலை ஒரு பாசம் ஊறுது போல எண்டு நினைச்சன். என்ர புத்தி அவ்வளவுதான்.

உப்பு நிக்கேல்லை. படங்கு கட்டின பிறகு அந்த வெள்ளை ஓடத் தொடங்கிச்சுது. பொட்டெல்லாம் ஒண்டோடை ஒண்டு சேந்து இலை முழுக்க மூடிச்சுது. அடிப்பக்கம், காம்பு, இளந்தண்டு ஒண்டையும் விடேல்லை. பந்தலுக்குக் கீழை போனால் காத்து அசையாது, இடியப்பச் சட்டியைத் திறந்த மாதிரி முகத்திலை ஆவி அடிக்கும். இலையிலை தோள் பட்டால் சட்டையிலை தூள். தலைமயிரிலை தூள். ஒருநாள் நான் கையைக் கழுவாமல் புட்டுக்கு மா குழைக்கப் போய், விரல் இடுக்கிலை அந்த வெள்ளையைக் கண்டிட்டு, குழைச்ச மாவை அப்பிடியே கொண்டுபோய்க் கொட்டினன். அண்டைக்கு வீட்டிலை பாணும் பருப்பும்தான். வெள்ளை மூடின இலை மஞ்சளாகி, பிறகு ஓரம் சுருண்டு, அப்பளம் மாதிரிக் காஞ்சு கொட்டிச்சுது. வந்த பிஞ்சும் விரல் நீளத்திலை நிண்டு போச்சு.

ஞாயிற்றுக்கிழமையளிலை பூசை முடிய றிக்சன் வருவான். என்ர வீட்டுக் கதிரையிலை இருந்து, என்ர தேத்தண்ணியைக் குடிச்சு, "மாமி, நான் இப்ப தொடுறேல்லை" எண்டு குழைவான். கழுத்து முழுக்கப் பவுடர். அந்தப் பவுடரைப் பாக்க எனக்கு அந்த இலைதான் ஞாபகம் வரும், அவன் போன கையோடை கோப்பையை ரெண்டு தரம் கழுவுவன். அவன் எழும்பிப் போய்ப் பந்தலைப் பாத்திட்டு, "இதெல்லாம் கடற்கரையிலை சரிவராது மாமா" எண்டு சிரிப்பான். மனிசன் தலையை ஆட்டுவார். மெலனி உள்ளுக்குப் போய்க் கதவைச் சாத்துவாள். மாசி கடைசியிலை வந்து கூட்டிக்கொண்டு போறதெண்டு ரெண்டு பேரும் பேசி முடிச்சதும் எனக்குப் பிறகுதான் தெரியும்.

மெலனி அழுதுகொண்டு இருக்கிறவள் இல்லை. ஒருநாள் ஈரத் துணியாலை நாலைஞ்சு இலையை நல்லாய்த் துடைச்சு, காம்பிலை சிவப்பு நூல் கட்டிவிட்டாள். "என்னடி காப்புக் கட்டுறாய்?" எண்டன். "பொறுங்கோ அம்மா" எண்டாள். அடுத்த கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். துடைச்ச இலையிலை திரும்பவும் வெள்ளை. அதுவும் வட்டம் வட்டமாய்.

"உப்பு எண்டால் தண்ணியிலை கரைஞ்சு போகும். திரும்பி வந்தாலும் இலை முழுக்க ஒரே மாதிரி வரும். உப்புக்கு வட்டம் போடத் தெரியுமோ அம்மா? இது இலையிலை உயிரோடை வளருது."

உயிரோடை எண்டதும் நான் கையைச் சட்டையிலை துடைச்சன். "சும்மா இரு பிள்ளை" எண்டன்.

"இன்னும் ஒண்டு பாருங்கோ" எண்டு என்னை வெளியாலை ஒழுங்கைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு கொடி படங்குக்கு மேலாலை தாவி அந்தப் பக்கம் விழுந்து, கம்பியைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தது. நேரே கடல்காத்து அடிக்கிற இடம். நல்ல வெய்யில். அந்தக் கொடியிலை ஒரு பொட்டு வெள்ளை இல்லை. ரெண்டு இலையின்ர நுனி மட்டும் உப்புப் பட்டுக் கருகியிருந்தது, மிச்சமெல்லாம் பச்சைப் பசேலெண்டு. மூண்டு காயும் தொங்கிச்சுது. உப்புத்தான் இந்த நோய்க்குக் காரணமெண்டால் முதல்லை சாகவேண்டியது அதுதான்.

நான் அதிலையே நிண்டு என்ர மனிசனை மனசுக்குள்ளை ஏசின ஏச்சு மாதாவுக்குத்தான் தெரியும்.

மெலனி ரெண்டு பக்கத்து இலையையும் படம் எடுத்து, கமநல சேவை நிலையத்திலை இருக்கிற அசனா மிஸ்ஸுக்கு அனுப்பினாள். விவசாயப் போதனாசிரியர் அந்தப் பிள்ளை. பின்னேரம் போன் எடுத்துக் கதைச்சது. நானும் காதைக் குடுத்துக் கேட்டன்.

"இது தூள் பூஞ்சணம்" எண்டது அது. "பூசணி, பாகல், வெண்டி எல்லாத்திலயும் வரும். காத்தோட்டம் இல்லாம, நிழலும் புழுக்கமுமா இருந்தா நல்லா பரவும். இதுக்கு மழை கூட தேவையில்ல. சுத்தி என்ன கட்டியிருக்கீங்க?"

மெலனி சொன்னாள்.

"அத முதல்ல அவிழுங்க. மோசமான இலைகள வெட்டி பையில போட்டு எரியுங்க, குப்பைக் குழிக்குள்ள போட வேணாம். ஒரே நாளில எல்லாத்தையும் மொட்டையடிச்சிராதீங்க, கொடி தாங்காது. நெருங்கிக் கிடக்கிற கொடிகளக் கலைச்சு விடுங்க. பிறகு ஒரு லீற்றர் தண்ணிக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், கொஞ்சம் சவர்க்காரக் கரைசல். சவர்க்காரம் இல்லாட்டி எண்ணெய் தண்ணியோட சேராது. முதல்ல ரெண்டு இலையில அடிச்சு ஒரு நாள் பாருங்க, கருகாட்டி எல்லாத்துக்கும் அடிங்க. வெய்யில் இறங்கின பிறகுதான், இலைக்கு மேலயும் கீழயும். கிழமைக்கு ஒருக்கா. பழுதான இலை திரும்பப் பச்சையாகாது, அதப் பாத்துக் கவலைப்படாதீங்க. புதுசா வாற இலை சுத்தமா இருக்கா எண்டு பாருங்க."

மெலனி மனிசனிட்டைப் போய்ப் பக்குவமாய்ச் சொன்னாள். "அப்பா, படங்கை அவிழ்ப்பம்." அவர் பேப்பரிலை இருந்து முகத்தை எடுக்கேல்லை. "மருந்தை அடி. படங்கிலை கை வைக்காதை" எண்டார்.

மருந்தை அடிச்சம். வேப்பெண்ணெய் மணம் எனக்குச் சின்னனிலை இருந்தே ஒத்துவராது. அண்டைக்குப் போத்தலைத் திறந்ததும் குசினி, கட்டில், தலையணை எல்லாம் அந்த நாத்தம். சோத்துக்குள்ளையும் அதுதான் மணத்தது. வெட்டின இலையளைக் கை படாமல் பையிலை போட நான் பட்ட பாடு. ஆனால் அடிச்ச பிறகு வெள்ளை மங்கிச்சுது. சந்தோசப்பட்டம். அடுத்த கிழமை மருந்து அடிக்கப் போனால், பழைய இலையெல்லாம் திரும்ப வெள்ளை, புதுசாய் வந்த தளிரிலையும் பொட்டு. உள்ளுக்கு அதே ஆவி, அதே புழுக்கம். எண்ணெய் தனிய என்ன செய்யும்? மெலனி அந்தத் தளிரைப் பிடிச்சுக்கொண்டு அதிலையே குந்தினாள். "அடுத்த ஞாயிறு வாறான் அம்மா" எண்டாள். அவள் பயப்பிட்டதை நான் முதல்தரம் கண்டது அப்பதான்.

நான் குசினிக்குள்ளை போய்க் கத்தியை எடுத்தன். மனிசன் விறாந்தையிலை இருந்து பாத்திட்டு ஓடிவந்து படங்குக்கு முன்னாலை நிண்டார்.

"மலர், வேண்டாம்."

"விலகுங்கோ. உப்பும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. அது பூஞ்சணம். உங்கட படங்குதான் அதை வளக்குது. இதுகூட விளங்காதோ?"

"அது எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "அண்டைக்கு வாயிலை வைச்சனான். உப்பு இருக்கேல்லை. கசந்தது, அவ்வளவுதான்."

"பிறகு என்னத்துக்குக் கட்டினனீங்கள்?"

அவர் ஒழுங்கைப் பக்கம் கண்ணைக் காட்டினார். கடலுக்குப் போறவை, மீன் வாங்க வாறவை, பூசைக்குப் போறவை எல்லாரும் நடக்கிற ஒழுங்கை. "விடிஞ்சால் பொழுதுபட்டால் பிள்ளை இதிலைதான் நிக்குது. போற வாற எல்லாரும் எட்டி எட்டிப் பாக்கினம். கேக்கினம், மகள் வந்து நிக்கிறாவோ, மருமகன் வரேல்லையோ எண்டு. நான் என்னத்தைச் சொல்ல?"

அந்த இலையைத் தொட்டபோது வராத அருவருப்பு அப்ப எனக்கு வந்தது. கட்டின மனிசனைப் பாத்து. பெத்த பிள்ளையைச் சனத்தின்ர கண்ணுக்கு மறைக்க, ஒரு பொய்யைச் சொல்லி, அவள் கையாலை நட்டதைப் புழுங்க வைச்சு, அது காஞ்சு கொட்டுறதையும் பாத்துக்கொண்டு, காய்க்கேல்லை எண்டு அவளையே அந்தக் குடிகாரனோடை அனுப்ப நாளும் பாத்து வைச்சிருக்கிறார். இதுக்குள்ளை ஒவ்வொரு பின்னேரமும் செபமாலை. 

"தூ" எண்டன்.

திரும்பிப் பாத்தால் மெலனி பந்தலுக்குக் கீழை எழும்பி நிக்கிறாள். எல்லாம் கேட்டிட்டாள். வந்து என்ர கையிலை இருந்த கத்தியை வாங்கினாள். தகப்பன் நிண்ட இடத்துக்கு அங்காலை போய், ஒரு முனையிலை இருந்து கயிறுகளை அறுத்துக்கொண்டு வந்தாள். தகப்பன் நிண்ட கம்பத்துக்கு வந்ததும் கத்தியைக் கீழை பிடிச்சுக்கொண்டு அவரையே பாத்துக்கொண்டு நிண்டாள். மனிசன் தானாய் விலகினார். படங்கு சடாரெண்டு விழுந்தது. காத்து உள்ளுக்கு அடிச்ச அடியிலை காஞ்ச இலையெல்லாம் பறந்து குசினிக்குள்ளை வந்து விழுந்தது. அதைக் கூட்டி அள்ளினது நான்தான், மூக்கைப் பொத்திக்கொண்டு.

அந்தக் கிழமை முழுக்க மெலனி கொடியளைக் கலைச்சு, இடைவெளி விட்டு, தனித்தனிக் கயிறிலை ஏத்தினாள். வெய்யில் இறங்கினதும் திரும்ப மருந்தடிச்சாள். மனிசன் விறாந்தையை விட்டு இறங்கேல்லை. நான் அவரோடை கதைக்கேல்லை, சாப்பாட்டை மேசையிலை வைச்சிட்டு வந்திடுவன். சனி பின்னேரம் பந்தலின்ர உச்சியிலை புதுத் தளிர் நாலைஞ்சு விட்டிருந்தது. திருப்பித் திருப்பிப் பாத்தம். வெள்ளை இல்லை. ஆனால் ஒழுங்கைப் பக்கத்து அந்த மூண்டு காயைத் தவிர வேறை காய் இல்லை, அதை ஒரு விளைச்சல் எண்டு காட்டேலாது. கொடி தேறிப் பூத்துக் காய்க்க இன்னும் காலம் வேணும். நாளைக்கு ஞாயிறு, றிக்சன் வாற நாள்.

பூசை முடிஞ்சு சனம் ஒழுங்கையாலை வருது. அவனும் அதுக்குள்ளை வாறான், வெள்ளைச் சேட்டும் கழுத்திலை பவுடருமாய். முன்வாசலுக்குப் போகேல்லை. கம்பி வேலிக்கு அங்காலை நிண்டு, நாலு பேருக்குக் கேக்கத்தக்கதாய் இனிமையாய்ச் சொன்னான்: "மெலனி, விளையாட்டுக் காணும். மாமாவும் சொல்லிப்போட்டார். பையை எடுத்துக்கொண்டு வா."

சனம் நிண்டிட்டுது. இவ்வளவு நாளும் அவை எட்டிப் பாத்துக் கேள்வி கேக்க மட்டும்தானே செய்தவை. மனிசன் விறாந்தையிலை இருந்து எழும்பி முற்றத்துக்கு வந்தார். முகத்திலை ஈயாடேல்லை.

மெலனி வேப்பெண்ணெய்ப் போத்தலைக் கீழை வைச்சிட்டு வேலிக்குக் கிட்டப் போனாள். வலக்கையைத் தூக்கிக் கம்பியிலை வைச்சாள். அந்த மணிக்கட்டு இன்னும் நேராகேல்லை.

"இதை நீங்கள் முறுக்கினதாலைதான் நான் வந்தனான்" எண்டாள். கத்தேல்லை, அழேல்லை. "போன வருசம் விலா. அதுக்கு முதல் காது. இவைக்கு ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப தெரியட்டும்."

அவன் அங்கையும் இங்கையும் பாத்தான். ஒரு பக்கமும் ஒரு மறைப்பும் இல்லை. பின்னாலை நிண்ட பொம்பிளையளிலை ஒருத்தி "சீ" எண்டது நல்லாய்க் கேட்டது. அவன் என்ர மனிசனைப் பாத்து, "மாமா, சொல்லுங்கோவன்" எண்டான்.

மனிசன் மகளின்ர கையைத்தான் பாத்துக்கொண்டு நிண்டார். மூண்டு மாதமாய் ஒரே வீட்டிலை இருந்தும் அவர் அதைப் பாத்தது அதுதான் முதல் தரம். பக்கத்து வீட்டு ஞானம்மா அக்கா வேலிக்கு அங்காலை நிண்டு கேட்டா: "சூசையண்ணை, பிள்ளை இனி இஞ்சையோ?"

"ஓம்" எண்டார் அவர். வேலிக்குக் கிட்டப் போய் எல்லாருக்கும் கேக்கத் திரும்பச் சொன்னார். "ஓம், இஞ்சைதான். நீ போ றிக்சன்."

அவன் போனான். சனமும் மெல்ல மெல்லக் கலைஞ்சுது. எனக்கு மட்டும் மனம் ஆறேல்லை. ஆறவும் விடக்கூடாது எண்டு நினைச்சன். அவருக்கு முன்னாலை போய் நிண்டு கேட்டன்: "காய் காய்ச்சால்தானோ?"

அவர் பந்தலைப் பாத்தார். பாதி மொட்டையாய், பாதி மஞ்சளாய், வேப்பெண்ணெய் நாறிக்கொண்டு நிண்ட அந்தக் கொடியிலை ஒரு பிஞ்சும் இல்லை.

"காய்க்காட்டிலும்" எண்டார்.